தாளில் கோணம், திரையில் நேரம்

ஒரு சிறுவன் மாடிப்படியில் ஓடி இறங்குகிறான். கால் இடறுகிறது, கையிலிருந்த சொம்பு உருள்கிறது. இதை அனிமேஷனாக எடுக்க முதலில் தேவை ஸ்டோரிபோர்டு. கேமரா எங்கே நிற்கிறது, சிறுவன் எந்தப் பக்கம் ஓடுகிறான், எது குளோசப் என்பதையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்துவிடுவார்கள். கோணம் சரியில்லை என்றால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி வரைந்தால் போதும்.

ஆனால் தாளில் நேரம் தெரியாது. அதே படங்களை எடிட்டிங் மென்பொருளில் அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று வகுத்து, தற்காலிகக் குரலும் ஓசையும் சேர்த்தால் அது அனிமேட்டிக். இடறலுக்கு முன் சொம்பின் குளோசப் ஒரு நொடி, அதாவது 24 ஃபிரேம் நின்றால், விழப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடலாம். 12 ஃபிரேமாகக் குறைத்துப் பார்த்தால் திடுக்கிடல் கூடுகிறதா என்பது உடனே விளங்கும்.

கதையும் கோணமும் முடிவாகாதவரை ஸ்டோரிபோர்டே போதும். நடிகர்களை வைத்து எடுக்கும் சாதாரண உரையாடல் காட்சிக்கும் அதுவே போதும். துரத்தல், பாட்டு, 30 நொடி விளம்பரம் போல நேரமே உயிரான இடங்களில் அனிமேட்டிக் தேவை. முழு அனிமேஷன் படமென்றால், அசைவு வேலை தொடங்குமுன் அதை முடித்துவிட வேண்டும். அப்போது வெட்டும் 2 நொடி, பிறகு வீணாகவிருந்த 48 ஃபிரேம் உழைப்பு.