மனைக்கு ஏன் தேய்மானம் இல்லை?

திருச்சியில் ஒரு ஹார்டுவேர் வியாபாரி தன் கடைக்காக ஒரு கோடி ரூபாய்க்குக் கட்டடத்தோடு இடம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது: "இதில் மனை எவ்வளவு, கட்டடம் எவ்வளவு?" மனை 60 லட்சம், கட்டடம் 40 லட்சம் என்றால், அந்த 40 லட்சத்துக்கு மட்டுமே தேய்மானம் உண்டு. குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 10 சதவீதம். முதல் ஆண்டு 4 லட்சத்தை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். (அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான்.) அடுத்த ஆண்டு, மீதி 36 லட்சத்தில் 10 சதவீதம். இப்படியே போனால் பத்தாம் ஆண்டு முடிவில் கட்டடத்தின் புத்தக மதிப்பு சுமார் 13.95 லட்சத்துக்கு வந்துவிடும். மனை மட்டும் அதே 60 லட்சத்தில் நிற்கும்.

கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் வரிக் கணக்கில் உதவாமல் கிடக்கிறதே என்று வியாபாரிக்கு உறுத்தும். கட்டடத்தின் விலையும்தான் ஏறுகிறது, அதற்கு மட்டும் ஏன் தேய்மானம் என்றும் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சந்தை விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தேய்மானத்தோடு சம்பந்தமே இல்லை. தொழிலுக்காகச் செலவழித்த பணம் எத்தனை ஆண்டுகளில் உழைத்துத் தீருமோ, அத்தனை ஆண்டுகளுக்கும் அந்தச் செலவைப் பிரித்து எழுதுவதுதான் தேய்மானம். தளம் ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும், ஒரு நாள் இடித்துத்தான் ஆகவேண்டும். கட்டடத்துக்குப் போட்ட பணம் அன்றோடு தீர்ந்தது. இடித்த பிறகும் மனை அப்படியே இருக்கும். அதில் செலவாகித் தீர்ந்தது எதுவுமில்லை. நிலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது என்றுதான் கணக்கியல் தரநிலைகளும் சொல்கின்றன. வெட்ட வெட்டக் கரையும் கல் குவாரி, நிரம்பியதும் பயனற்றுப்போகும் குப்பைக் கிடங்கு போன்றவைதான் அங்கே விதிவிலக்கு.

இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆல்ப்ஸ் தியேட்டர் என்ற சினிமா கொட்டகையின் கணக்கில் வருமான வரி அதிகாரி நிலத்தின் விலையைக் கழித்துவிட்டுத்தான் தேய்மானம் கொடுத்தார். அந்தரத்தில் கட்டடம் நிற்குமா, கட்டடம் என்றால் அடியிலுள்ள நிலமும் சேர்ந்ததுதானே என்பது கொட்டகை தரப்பு வாதம். உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 1967இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அது காட்டிய காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைய விதிகளில் உறுதியான கட்டடத்துக்குக் குறைந்த விகிதம், மட்டமான கட்டடத்துக்குக் கூடுதல் விகிதம். நிலத்தையும் சேர்த்துக்கொண்டால், மட்டமான கட்டடத்துக்கு அடியிலுள்ள நிலம் வேகமாகத் தேயும், உறுதியான கட்டடத்துக்கு அடியிலுள்ள நிலம் மெதுவாகத் தேயும் என்றாகிவிடும். மேலே எதைக் கட்டினாலும் நிலம் நிலம்தானே!

வேடிக்கை என்னவென்றால், கிணறும் போர்வெல்லும் சாலையும் விதிகளின்படி 'கட்டடம்' என்ற வகைக்குள் வருகின்றன. மண்ணைத் தோண்டிய கிணற்றுக்குத் தேய்மானம் உண்டு, தோண்டாத மண்ணுக்குக் கிடையாது. கிணறு தூர்ந்துபோகும் என்பதால் இதுவும் சரியே.

நடைமுறையில் சிக்கல் வருவது விலையைப் பிரிப்பதில்தான். கிரயப் பத்திரத்தில் ஒரே தொகை இருந்தால், கட்டடத்தின் பங்கை ஏற்றிக் காட்டும் ஆசை வந்துவிடும். நம் வியாபாரி கட்டடம் 75 லட்சம் என்று எழுதினால் முதல் ஆண்டே 7.5 லட்சம் கழியும். ஆனால் அப்போது மனையின் விலை 25 லட்சமாகிவிடுகிறது. அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை வைத்துப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். வணிக வளாகத்தில் ஒரு கடை மட்டும் வாங்கியவரும் தப்ப முடியாது. அவருடைய விலைக்குள்ளும் பிரிபடாத மனைப் பங்கு இருக்கிறது, அதைக் கழித்தாக வேண்டும்.

விற்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. பதினோராம் ஆண்டில் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் 25 லட்சம் கிடைக்கிறது, தொழிலுக்கு வேறு கட்டடம் எதுவும் இல்லை என்றால், 13.95 லட்சத்துக்கு மேலுள்ள 11.05 லட்சம் குறுகிய கால ஆதாயம். எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அப்படித்தான். மனையின் லாபத்துக்கோ நீண்ட கால ஆதாயத்தின் சலுகை விகிதம் கிடைக்கும். ஆக, தேய்மானமாக வாங்கியதில் ஒரு பங்கை அரசு கடைசியில் திரும்பக் கேட்கிறது. தேய்மானம் இல்லாத மனையிடம் அப்படிக் கேட்பதில்லை.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆடிட்டரிடம் ஓட வேண்டாம். வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டும் வாடகையில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, தேய்மானம் தனியாகக் கிடையாது. தொழிலுக்காகக் கட்டடம் வாங்குகிறவர்கள், மனை விலையையும் கட்டட விலையையும் பத்திரத்திலேயே தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்; பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.