ஒரு கிரவுண்டின் பக்கம் எத்தனை அடி?
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

செங்கற்பட்டுப் பக்கத்தில் மனை வாங்குவோர் வாயில் முதலில் வருவது ‘கிரவுண்டு’ என்னும் சொல். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டார் வாங்கிய மனையும் ஒரு கிரவுண்டுதான். அதுவும் சரியான சதுரம். நான்கு மூலையிலும் முளை அடிக்க வந்த மேஸ்திரி, “பக்கத்துக்கு எத்தனை அடி வைக்கணும், சொல்லும்மா” என்று கேட்டாராம். கூடுதலாக வைத்தால் அடுத்த மனைக்காரரின் நிலத்தில் கால் வைத்ததாகும். குறைத்து வைத்தால் காசு கொடுத்த நிலம் கைவிட்டுப் போகும். தோழி கணக்கை வகுப்புக்குக் கொண்டு வந்தாள்.

2400-இன் வர்க்கமூலம் வேண்டும். நாம் வகுத்தல் முறையில் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துப் போடத் தொடங்கினோம். எங்கள் கணக்கு சிஸ்டரோ, “ஓர் எண்ணை ஊகித்துச் சொல்லுங்கள், போதும்” என்றார்கள். ஒருத்தி 50 என்றாள். “சரி, 2400-ஐ 50-ஆல் வகுத்தால்?” 48. “இரண்டுக்கும் சராசரி?” 49. “இனி 49-ஐ ஊகமாகக் கொண்டு அதையே மறுபடி செய்யுங்கள்.” 2400-ஐ 49-ஆல் வகுத்தால் ஈவு 48.979592, சராசரி 48.989796. இரண்டே சுற்றில் கிடைத்த இந்த எண்ணைப் பெருக்கிப் பார்த்தோம். 2400-க்கு மேல் ஒரு சதுர அடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது! இதற்கு நியூட்டன் முறை என்று பெயர்.

இது எப்படிப் பலிக்கிறது? ஊகத்தையும் ஈவையும் பெருக்கினால் எப்போதும் 2400 வரும். ஆகவே ஒன்று உண்மையான மூலத்தைவிடப் பெரிதானால் மற்றது சிறிதாகத்தான் இருக்க வேண்டும். 50 நீளமும் 48 அகலமும் உள்ள நீள்சதுரத்தைச் சற்றுச் சற்றாகச் சதுரமாக்குவதாக நினைத்துக்கொள்ளலாம். சராசரி எடுக்கும்போது மிஞ்சும் பரப்பு எவ்வளவு என்பதும் நாம் படித்த இயற்கணிதத்திலேயே உள்ளது. இரண்டு எண்களின் வித்தியாசத்தில் பாதியை எடுத்து வர்க்கப்படுத்தினால் அதுவே மிச்சம். 50-க்கும் 48-க்கும் வித்தியாசம் 2, பாதி 1, அதன் வர்க்கமும் 1. 49-இன் வர்க்கம் 2401 அல்லவா? அந்த ஒரு சதுர அடி இதுதான். அடுத்த சுற்றில் வித்தியாசத்தின் பாதி 0.0102 மட்டுமே. சிறு பின்னத்தை வர்க்கப்படுத்தினால் அது மேலும் மிகச் சிறிதாகும். அதனால்தான் மூலத்தை நெருங்கியபின் ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிக்கின்றன.

முதல் ஊகம் மோசமாக இருந்தால்? நாம் வேண்டுமென்றே 1 என்று தொடங்கினோம். 1200.5, 601, 303, 155 என்று முதலில் வெறுமனே பாதி பாதியாகத்தான் இறங்கியது. பின்பு 85, 57, 49.5 என்று வந்து, எட்டாம் சுற்றில் 48.99-ஐத் தொட்டது. தாமதம் ஆனதே தவிர, வழி தவறவில்லை.

இனிதான் முக்கியமான கேள்வி. 2400-இன் மூலம் முடிவில்லாத தசமம். அப்படியானால் எங்கே நிறுத்துவது?

மேஸ்திரியிடம் தோழி 48.9898 என்று சொன்னபோது அவர் சிரித்தாராம். 49 அடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகத்துக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். “முளையில கட்டுற கயிறே அவ்வளவு தடிமன் இருக்கும்மா. நாற்பத்தொம்போதே வை” என்றாராம். அவருக்கு முதல் சுற்றிலேயே கணக்கு முடிந்துவிட்டது. நாம் இரண்டாம் சுற்றுப் போட்டது நம் ஆசைக்காகத்தான்.

கயிறு கையில் இல்லாதபோது ஒரு விதி வேண்டுமே. “ஊகத்தின் வர்க்கத்துக்கும் கொடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 0.001-க்குக் குறைந்தால் நிறுத்தலாம்” என்று நாங்கள் ஒரு விதி செய்தோம். கிரவுண்டுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. சிஸ்டர் உடனே எங்கள் வரைபடத் தாளில் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தைக் காட்டி, “இதன் பரப்பு 0.0001 சதுர மீட்டர். உங்கள் விதிப்படி பக்கத்தைக் கண்டுபிடியுங்கள்” என்றார்கள். 1-இல் தொடங்கி ஐந்து சுற்றுப் போட்டதும் 0.0323 வந்தது. அதன் வர்க்கம் 0.00104, வித்தியாசம் 0.001-க்குக் குறைவு. நிறுத்திவிட்டோம். அதாவது, கண்ணெதிரே ஒரு சென்டிமீட்டராக இருக்கும் கட்டத்தை மூன்றே கால் சென்டிமீட்டர் என்று சொல்லியிருந்தோம்! வகுப்பே சிரித்தது.

தவறு முறையில் இல்லை. நிறுத்திய இடத்தில் இருந்தது. 2400-க்கு 0.001 ஒரு தூசி. ஆனால் 0.0001-க்கு அது பத்து மடங்கு. இதைக் கண்டுபிடிக்க வழி நம் கையிலேயே இருந்தது. 0.0323-ஆல் வகுத்திருந்தால் ஈவு 0.0031 என்று வந்திருக்கும். உண்மையான மூலம் இவ்விரண்டுக்கும் நடுவில் அடைபட்டிருக்கிறது. ஆனால் அவையோ ஒன்றுக்கொன்று பத்து மடங்கு விலகி நிற்கின்றன. ஆகவே விதியை மாற்றினோம்: ஊகத்துக்கும் ஈவுக்கும் உள்ள வித்தியாசம், ஊகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தால் நிறுத்துக. இதன்படி மேலும் நான்கு சுற்றுப் போட்டதும் 0.0100007 கிடைத்தது. ஒரு சென்டிமீட்டர்தான்!

பின்னர் கல்விச் சுற்றுலாவாகத் திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் சென்றபோது, கடற்கரையில் நின்று தொடுவானம் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டோம். கண்ணிலிருந்து கடலைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு பூமி என்னும் வட்டத்துக்குத் தொடுகோடு. எனவே தூரத்தின் வர்க்கம், பூமியின் விட்டத்தையும் நம் கண் உயரத்தையும் பெருக்கினால் வருவதற்கு ஏறத்தாழச் சமம். விட்டம் 12,742 கிலோமீட்டர். கண் உயரம் 1.5 மீட்டர், அதாவது 0.0015 கிலோமீட்டர். பெருக்கினால் 19.113. ஊகம் 4; ஈவு 4.778, சராசரி 4.389. மறுபடி வகுத்தால் 4.355.

புது விதிப்படி இன்னும் நிறுத்தக் கூடாது. ஆனால் நாம் நிறுத்திவிட்டோம். ஏனெனில் உயரமான தோழியின் கண் 1.6 மீட்டரில் இருந்தது. அவளுக்குத் தொடுவானம் 4.5 கிலோமீட்டர். அலைகள் எழுந்து தாழ்வதும், காற்றில் ஒளி சற்று வளைவதும் வேறு. கையில் உள்ள அளவே அவ்வளவு துல்லியமாக இல்லாதபோது, விடையில் மட்டும் நான்கு தசமம் எழுதுவது பொய்த் துல்லியம். சுமார் 4.4 கிலோமீட்டர் என்று குறித்துக்கொண்டோம்.

இம்முறை நியூட்டனுக்கு மிக முந்தியது. முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஈரோன் இதை எழுதியிருக்கிறார். நம் நாட்டுப் பௌதாயன சுல்ப சூத்திரம் 2-இன் மூலத்துக்குத் தரும் மதிப்பு 577/408. நீங்களே 17/12-ஐ ஊகமாக வைத்து ஒரே ஒரு சுற்றுப் போட்டுப் பாருங்கள். அதே பின்னம் வரும். அதை வர்க்கப்படுத்தினால் 2-க்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் கண்டுபிடியுங்கள். பலிபீடத்துக்குக் கயிறு பிடித்து அளப்பவருக்கு அது போதுமா, போதாதா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.