பிள்ளை தாய்வீட்டில், எஸ்.எம்.எஸ். சென்னையில்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்கிற வழக்கம் நம்மிடையே பெரிதாக மாறிவிடவில்லை. வளைகாப்பு முடிந்து கிளம்பும் பெண், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீடு திரும்புகிறாள். குழந்தைக்கான தடுப்பூசிகளில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியிலேயே வந்துவிடுகின்றன. பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி. பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியும் அதோடு சேர்ந்தவையும். குழந்தை தென்காசியில் இருக்கும், அப்பா சென்னையிலோ துபாயிலோ இருப்பார். "ஊசி போட்டாச்சா, பால் குடிச்சானா?" என்று தினமும் போன் வரும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்வதாகத்தான் பிளே ஸ்டோரில் செயலிகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் அழகான படங்களையும் வரைபடங்களையும் ஒதுக்கிவிட்டு இரண்டே விஷயங்களைப் பார்த்தால் போதும். சரியான நாளில், சரியான ஆளுக்கு நினைவூட்டுகிறதா? ஒருவர் பதிந்தது இன்னொருவர் போனில் உடனே தெரிகிறதா?

முதலில் தடுப்பூசி. பிரபலமான வெளிநாட்டுச் செயலிகள் பல, குழந்தையின் பிறந்த தேதியைக் கொடுத்ததுமே ஓர் அட்டவணையை நீட்டிவிடும். அது எந்த நாட்டு அட்டவணை என்று பார்க்காமல் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் இந்த முதல் சுற்று 2, 4, 6 மாதங்களில் வரும். பி.சி.ஜி. அந்தப் பட்டியலிலேயே இருக்காது. நம் அரசு அட்டவணையோ வாரக் கணக்கில் 6, 10, 14. இங்கேயே அரசுப் பட்டியல் ஒன்று, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பட்டியல் இன்னொன்று. சங்கத்தின் பட்டியலில் டைபாய்டு, ஃப்ளூ, அம்மை என்று அரசுப் பட்டியலில் இல்லாத ஊசிகளும் உண்டு. ஃபர்ஸ்ட்க்ரை போன்ற இந்தியச் செயலிகளில் தடுப்பூசிப் பகுதி இருக்கிறது. அவை குழந்தைப் பொருள் விற்கும் நிறுவனத்தின் செயலிகள் என்பதால் விளம்பரத் தொல்லையும் கூடவே வரும். எதை நிறுவினாலும் முதல் வேலை, 6 வாரக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தாய் சேய் நல அட்டையோடு ஒப்பிடுவதுதான். பொருந்தவில்லையென்றால் அந்த அட்டவணையை அணைத்துவிடுங்கள்.

அட்டவணை சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரி 2 அன்று பிறந்த குழந்தைக்கு 6 வாரம் முடிவது பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டின் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை என்பதால் பிப்ரவரி 18-ம் தேதிதான் போக முடியும். அன்று குழந்தைக்கு லேசான சளி. பாட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். (லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனால் பாட்டியை மீறி யார் கிளம்புவது?) அப்படி இப்படித் தள்ளி, மார்ச் 4-ம் தேதி முதல் ஊசி போடப்படுகிறது.

இப்போது இரண்டாவது ஊசி எப்போது? பிறந்த நாளிலிருந்து மட்டுமே எண்ணும் செயலி, 10 வாரம் முடியும் மார்ச் 13-ம் தேதி மணியடிக்கும். அடுத்த புதன், மார்ச் 18 அன்று அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், நர்ஸம்மா அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஏனென்றால் பென்டாவேலன்ட் ஊசியின் இரண்டு தவணைகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும். இங்கே இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. சரியான நாள் ஏப்ரல் 1. மூன்றாவது ஏப்ரல் 29. இதற்கிடையில் சென்னையில் அப்பாவின் போனில் அதே செயலி சிவப்பு எழுத்தில் 'தவறிவிட்டது' என்று காட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஒரு கோபமான போன் வரும்.

நல்ல செயலியை அடையாளம் காண இந்தக் கணக்கே போதும். முதல் ஊசி போட்ட நாளை வேண்டுமென்றே மூன்று வாரம் தள்ளிப் பதிந்து பாருங்கள். அடுத்த தேதி தானாக நகர்கிறதா? நகரவில்லையென்றால் அது வெறும் நாள்காட்டி. இன்னொன்றையும் கவனியுங்கள். 'போட்டாச்சு' என்று அழுத்தியதும் சில செயலிகள் அன்றைய தேதியையே எழுதிக்கொள்ளும். புதன்கிழமை போட்டதை ஞாயிற்றுக்கிழமை பதிந்தால் கணக்கு நான்கு நாள் பிசகும்.

அரசின் யு-வின் தளம் இந்த விஷயத்தில் தனி ரகம். ஊசி போடும் இடத்திலேயே பதிவு நடப்பதால் தேதி நாம் ஞாபகத்திலிருந்து எழுதுவதல்ல. அடுத்த தவணைக்கு எஸ்.எம்.எஸ். வரும், கியூ.ஆர். குறியீடு உள்ள சான்றிதழையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லாமே பதிவான மொபைல் எண்ணைச் சுற்றித்தான். உள்ளே நுழைய ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்கே வரும். கர்ப்பத்தைப் பதிந்த அன்று கணவரின் எண்ணைக் கொடுத்திருந்தால், தென்காசிக் குழந்தைக்கான செய்தி சென்னைக்குப் போகும். அங்கே அது வங்கிக் கடன் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும். குழந்தையோடு இருப்பவரின் எண் பதிவாகியிருக்கிறதா என்று முதல் ஊசியன்றே நர்ஸம்மாவிடம் கேட்டுவிடுவது நல்லது. தனியார் மருத்துவமனையில் ஏதாவது ஊசி போட்டிருந்தால், அது யு-வின்னில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்ப்பால் பதிவு வேறு உலகம். தடுப்பூசிக்கு மாதம் ஒருமுறை நினைவூட்டினால் போதும். பச்சிளம் குழந்தையோ ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தூக்கக் கலக்கத்தில் கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஹக்கிள்பெரி, பேபி கனெக்ட் போன்றவை பெயர் வாங்கியது இந்த இடத்தில்தான். இடது, வலது என்று ஒரு பொத்தான், நேரம் தானாக ஓடும்.

பகிர்வில் இவை ஒன்றுபோல் இல்லை. ஹக்கிள்பெரியில் இன்னொருவரை மின்னஞ்சல் வழியாக அழைத்துச் சேர்க்கலாம். அவரவர் போனில் அவரவர் கணக்கு, குழந்தை மட்டும் பொது. பேபி கனெக்ட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்று ஆளுக்கேற்ப அனுமதி கொடுக்கலாம். பாட்டிக்கும் அத்தைக்கும் காட்ட விரும்புகிறவர்களுக்கு இது உதவும். ஆனால் சந்தா கேட்கும். இன்னும் சில செயலிகளில் பகிர்வு என்றால் ஒரே கடவுச்சொல்லை இருவரும் பயன்படுத்துவது. அதில் எந்தப் பதிவை யார் போட்டார் என்று தெரியாது. ஐகிளவுட் வழியாக மட்டும் பகிரும் ஐபோன் செயலிகளும் உண்டு. வீட்டில் ஒருவர் ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் அவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

யார் போட்டார் என்பது ஏன் முக்கியம்? இரவு 2.10-க்கு அம்மா தாய்ப்பால் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். 3 மணிக்குக் குழந்தை சிணுங்க, பக்கத்து அறையிலிருந்து வந்த அப்பா, பீய்ச்சி வைத்த பாலில் 30 மில்லியைப் பாலாடையில் புகட்டுகிறார். (பெரும்பாலான செயலிகளுக்குப் பாலாடை தெரியாது, 'பாட்டில்' என்றுதான் பதிய வேண்டும்.) அவர் பதிந்ததும் அம்மாவின் போனில் ஓடிக்கொண்டிருக்கும் 'மூன்று மணி நேரம் ஆச்சு' நினைவூட்டல் 3 மணியிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும். சில செயலிகளில் பதிவு மட்டும்தான் பொது, நினைவூட்டல் அந்தந்த போனுக்குள் தனித்தனி. அம்மாவின் போன் 5.10-க்கு வீணாக மணியடித்து எழுப்பிவிடும். அந்த ஐம்பது நிமிடத் தூக்கத்தின் விலை பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

செயலி சரியாக இருந்தும் மணியே அடிக்காமல் போவதும் உண்டு. ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்ற போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. அமைப்புகளில் அந்தச் செயலிக்குத் தானாகத் தொடங்கும் அனுமதியும், பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு இரண்டு போனிலும் பத்து நிமிடம் கழித்து ஒரு நினைவூட்டல் வைத்து, திரையை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். இரண்டும் ஒலித்தால் நம்பலாம்.

இந்தப் பதிவுகளில் ஓர் எல்லையும் உண்டு. தாய்ப்பால் கொடுத்த நிமிடங்களை வைத்துக் குழந்தை எவ்வளவு குடித்தது என்று சொல்ல முடியாது. சாயங்காலத்தில் பல குழந்தைகள் அரை மணிக்கொரு தரம் பால் கேட்கும். செயலியின் வரைபடம் அதைப் பார்த்து எகிறும், அம்மா பால் போதவில்லையோ என்று கலங்குவாள். உண்மையில் பார்க்க வேண்டியது ஈரத் துணிக் கணக்கு. பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், எடையும் ஏறினால், பால் போதுமானதாக இருக்கிறது. ஆறுக்குக் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட அந்தப் பதிவு கைகொடுக்கும். மூன்று மணிக்கொரு முறை எழுப்பிப் பால் கொடுக்கும் நினைவூட்டலும், குழந்தை பிறந்த எடையை எட்டும் வரைதான். பொதுவாக இரண்டு வாரத்தில் எட்டிவிடும். அதற்குப் பிறகு கேட்கும்போது கொடுத்தால் போதும், மணியை அணைத்துவிடலாம்.

பலர் தவறவிடும் இடம் இதற்கப்புறம்தான் வருகிறது. 6 வார ஊசியை யாரும் மறப்பதில்லை, வீடே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும். 14 வாரம் தாண்டினால் அடுத்தது 9 மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அதற்கடுத்தது 16 மாதத்துக்கு மேல். அதற்குள் குழந்தை புகுந்த வீட்டுக்கு வந்திருக்கும், புது ஊர் நர்ஸம்மாவுக்குக் குழந்தையைத் தெரியாது, பால் கணக்கு தேவையில்லை என்று செயலியையும் அழித்திருப்பார்கள். போனுக்குள்ளேயே இருந்த தடுப்பூசி நினைவூட்டலும் அதோடு போய்விடும்.

அதனால் இரண்டு வேலைக்கும் ஒரே செயலியைத் தேட வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. பாலுக்கு, இரு போனிலும் தனிக் கணக்கோடு இயங்கும் ஏதாவது ஒரு பதிவுச் செயலி. முதல் சில வாரங்களுக்கு இலவசப் பகுதியே போதும். தடுப்பூசிக்கு அட்டையும் யு-வின்னும். அவற்றோடு கூகுள் காலண்டரில் ஒரு குறிப்பு: ஊசி போட்டு வந்த அன்றே, நர்ஸம்மா அட்டையில் எழுதிய அடுத்த தேதியை வைத்து, கணவன் மனைவி இருவரையும் அழைப்பில் சேர்த்து, முந்தின நாள் செவ்வாய் மாலை ஒலிக்கும்படி இரு போனிலும் அமைத்துவிடுங்கள். போன் மாறினாலும், செயலியை அழித்தாலும், கூகுள் கணக்கில் அது இருக்கும். அட்டையையும் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் படமெடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். புது ஊரில் போய் நிற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.