திரைவழித் தொல்லை: பதிவும் புகாரும்

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நடக்கும் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. மதுரையில் வீட்டிலிருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்யும் பெண்ணை மேலாளர் இரவு பத்து மணிக்கு வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, கேமராவைப் போடச் சொல்லி, அவர் உடையைப் பற்றிப் பேசினால் அதுவும் இச்சட்டத்துக்குள் வரும்.

இதில் எளிதில் அழிவது சாட்சியம்தான். அரட்டைச் செய்தியை அனுப்பியவரே திருத்தலாம், நீக்கலாம். அதனால் செய்தி வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது நல்லது. அனுப்பியவர் பெயர், தேதி, நேரம், முன்பின் உரையாடல் எல்லாம் அதில் தெரிய வேண்டும். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால், சூழலை மறைத்துவிட்டதாக எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைக்கும். மூலச் செய்தியை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருப்பது பின்னால் உதவும். அலுவலகக் கோப்புகளை மொத்தமாகச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது நிறுவன விதியை மீறியதாகிவிடலாம். தொல்லை தொடர்பானதை மட்டும் எடுத்தால் போதும்.

வீடியோ அழைப்பில் பேசியது காற்றோடு போய்விடும். அழைப்பு முடிந்த கையோடு, எத்தனை மணிக்கு, யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதியிட்டு வைக்க வேண்டும். அன்றே தோழி ஒருவரிடம் சொல்லியிருந்தால் அவர் சாட்சியாகலாம். கூட்ட அழைப்பிதழும் அழைப்புப் பட்டியலும் நேரத்தை உறுதிப்படுத்தும்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். சிறிய நிறுவனமென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மனிதவளத் துறைக்கு வாய்மொழியாகச் சொல்வது புகாராகாது. எழுத்தில் தர வேண்டும்.

காலக்கெடு மூன்று மாதம். தொல்லை தொடர்ந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. ஜனவரியில் தொடங்கிய அழைப்புகள் மார்ச் 20இல் முடிந்திருந்தால் ஜூன் 20 வரை நேரமுண்டு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஒவ்வொரு சம்பவத்தையும் தேதி வரிசையில் எழுதி, எந்தச் செயலியில், எத்தனை மணிக்கு என்று குறிப்பிடுவது முக்கியம். செய்தி நீக்கப்பட்டிருந்தாலும் நிறுவன சர்வரில் அதன் நகல் இருக்கக்கூடும். ஆவணங்களை வரவழைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. எதைக் கேட்பது என்பது இந்தக் குறிப்பிலிருந்துதான் தெரியும்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதற்கிடையில் அந்த மேலாளர் தன் பணி மதிப்பீட்டை எழுதக் கூடாது என்றும், தனக்கு விடுப்பு வேண்டும் என்றும் புகாரளித்தவர் எழுத்தில் கேட்கலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது என்ற காரணத்துக்காக மட்டும் அவர்மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. குழுவில் விசாரணை நடந்தாலும் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் தரத் தடையில்லை.