‘என்னை இந்த லிஸ்ட்ல இருந்து எடுங்க!’: குரூப் மெயிலில் இருந்து வெளியேறச் சரியான வழி எது?

1997 அக்டோபர் 14. மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர், தன் பெயர் ‘Bedlam DL3’ என்ற மெயில் பட்டியலில் இருப்பதைக் கவனிக்கிறார். ஏன் சேர்த்தார்கள் என்று புரியவில்லை. ‘என்னை நீக்கிவிடுங்கள்’ என்று அந்தப் பட்டியலின் முகவரிக்கே மெயில் அனுப்புகிறார்.

பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 13,000 பேர். மெயில் அத்தனை பேருக்கும் போனது. ‘என்னையும் எடுங்க’ என்று பலர் ‘ரிப்ளை ஆல்’ போட்டார்கள். ‘தயவுசெய்து ரிப்ளை ஆல் போடாதீங்க’ என்று சொன்னவர்களும் ரிப்ளை ஆல்தான் போட்டார்கள்! ஒரு பதில் என்பது 13,000 மெயில். மொத்தம் சுமார் 1.5 கோடி மெயில்கள் சுற்ற, கம்பெனியின் மெயில் சர்வர்கள் திணறின.

சிக்கல் எங்கே?

குரூப் முகவரி பார்க்க ஒரே ஒரு முகவரி மாதிரிதான் இருக்கும். அதற்குப் பின்னால் எத்தனை பேர், யார் யார் என்பது அனுப்புபவர் கண்ணுக்குத் தெரியாது.

ரெட்டியார்பாளையத்தில் 40 பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே `team@` என்று ஒரு குரூப். போன வருஷம் ஒரு புராஜெக்ட்டுக்காக வெளியாள் டிசைனர் ஒருவரின் சொந்த ஜிமெயிலை அதில் சேர்த்தார்கள். புராஜெக்ட் முடிந்தது, பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள். இன்று வாடிக்கையாளருக்கான விலைப்பட்டியலை `team@`க்கு அனுப்பினால், அது அவருக்கும் போகும். அனுப்பியவருக்குச் சந்தேகமே வராது. ‘To’ பெட்டியில் அவர் பெயர் இல்லையே!

யார் இருக்கணும்?

அந்த மெயிலைப் படித்து ஏதாவது செய்ய வேண்டியவர்கள் மட்டும் இருந்தால் போதும். ‘தெரிஞ்சிருக்கட்டுமே’ என்று சேர்த்தவர்கள்தான் பின்னாளில் மறந்துபோகும் பெயர்கள். ஒருவர் வேலையை விட்டாலோ டீம் மாறினாலோ, லேப்டாப்பைத் திருப்பி வாங்கும் நாளிலேயே குரூப்பிலிருந்தும் பெயரை எடுத்துவிட வேண்டும். ஒரு குரூப்புக்குள் இன்னொரு குரூப் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளிக் குரூப்பில் பெயரை எடுத்தாலும், உள்ளே இருக்கும் குரூப் வழியாக மெயில் வந்துகொண்டே இருக்கும்.

யார் அனுப்பலாம் என்பது தனிக் கேள்வி. கூகுள் குரூப்ஸில் `Who can post` என்ற அமைப்பு இருக்கிறது. அறிவிப்புக்கான குரூப் என்றால், அதை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றிவிடலாம். மாற்றும் அதிகாரம் இல்லையா? குரூப் முகவரியை ‘பிசிசி’யில் போட்டு அனுப்புங்கள். அப்போது யாராவது ரிப்ளை ஆல் அழுத்தினாலும் பதில் குரூப்புக்குப் போகாது.

எப்படி வெளியே வருவது?

குரூப்புக்கே எழுதக் கூடாது, அவ்வளவுதான். கூகுள் குரூப்ஸ் என்றால், குரூப்பின் பெயருக்குப் பின்னால் `+unsubscribe` சேர்த்து ஒரு காலி மெயில் அனுப்பலாம்:

```
kuzhu+unsubscribe@googlegroups.com
```

`kuzhu` இருக்கும் இடத்தில் உங்கள் குரூப்பின் பெயர் வரும். இது நிர்வாகத் தேவைக்கான முகவரி என்பதால், மற்ற உறுப்பினர்களுக்கு மெயில் போகாது.

அனுப்பியும் மெயில் நிற்கவில்லையா? பழைய முகவரியில் சேர்ந்திருப்பீர்கள். அங்கிருந்து ஃபார்வர்டு ஆகிப் புது முகவரிக்கு வந்துகொண்டிருக்கும். எந்த முகவரியில் சேர்ந்தீர்களோ, அதிலிருந்தே விலகல் மெயிலையும் அனுப்ப வேண்டும்.

அலுவலக அவுட்லுக் குரூப்பில் நீங்களாகவே வெளியேற முடியுமா என்பது அட்மின் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்தது. முடியாவிட்டால் குரூப் உரிமையாளருக்கோ ஐடி டீமுக்கோ தனியாக எழுதுங்கள். எந்த குரூப், எந்த முகவரி என்ற இரண்டு விவரம் போதும்.

ரிப்ளை ஆல் புயல் வந்துவிட்டால்?

பதிலே போடாதீர்கள். ஜிமெயிலில் `Mute`, அவுட்லுக்கில் `Ignore` கொடுத்தால் அந்த உரையாடல் மட்டும் இன்பாக்ஸை விட்டு ஒதுங்கிவிடும். குரூப்பில் நீங்கள் தொடர்ந்து இருப்பீர்கள்.

இதற்கு ஒரு தானியங்கித் தடுப்பை மைக்ரோசாஃப்ட் 2020-ல்தான் கொண்டுவந்தது. 5,000 பேருக்கு மேல் போகும் ஒரு மெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் 10 ரிப்ளை ஆல் வந்தால், அடுத்த 4 மணி நேரம் பதில்களை நிறுத்திவிடும் என்பதுதான் அறிமுகத்தின்போது வைத்த அளவு. நம்ம 40 பேர் அலுவலகத்தை அது கண்டுகொள்ளாது. அங்கே ஒரு பிறந்தநாள் மெயிலுக்கு 15 பேர் ‘ஹேப்பி பர்த்டே’ என்று ரிப்ளை ஆல் போட்டால் 600 மெயில். அதைத் தடுக்க, குரூப்பை நடத்துபவர் வைக்கும் அமைப்பு மட்டும்தான் இருக்கிறது.