குறித்த நேரத்தில் குடலைப் பழக்குவது

தண்டுவடத்தில் அடிபட்டால் கால்கள் மட்டுமல்ல, மலம் வருகிறது என்ற உணர்வும் அதை அடக்கும் சக்தியும் போய்விடும். ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடிருந்தால், மலக்குடலின் அனிச்சைச் செயல் பெரும்பாலும் தப்பிவிடும். உள்ளிருந்து தூண்டினால் குடல் தானாகச் சுருங்கி மலத்தை வெளியே தள்ளும். அதை நாம் விரும்பும் நேரத்தில் நடக்கவைப்பதே குடல் பழக்கம்.

மரத்திலிருந்து விழுந்து, மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பு மட்டத்தில் அடிபட்ட ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணி அவருடைய நேரம். ஆறரைக்குக் காபியும் இரண்டு இட்லியும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அடுத்த அரை மணி நேரம் அதற்கு வாகானது. பிறகு இடப்பக்கமாகப் படுக்கவைத்து, கையுறையும் ஜெல்லியும் போட்ட விரலால் உள்ளே மலம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். பிசகோடில் 10 மில்லிகிராம் சப்போசிட்டரி மலத்துக்குள் புதைந்தால் வேலை செய்யாது. குடல் சுவரை ஒட்டி இருக்க வேண்டும்.

அது வேலை செய்யக் கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். அதன்பின் மெத்தை வைத்த கமோடு நாற்காலியில் உட்காரவைத்து, விரலை மெதுவாக வட்டமாகச் சுழற்றித் தூண்டுகிறார்கள். 15 முதல் 20 வினாடி போதும். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடியும். இரண்டு தடவை தூண்டியும் மேற்கொண்டு எதுவும் வராவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

ஒருநாள் மதியம் அவர் உடை நனைகிறது. தண்ணீராகப் போவதால் வீட்டார் வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், நிலைமை மோசமாகிறது. நான்கு நாளாகக் கெட்டியாக எதுவும் வரவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்பதைக் கவனித்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். இறுகிப்போன மலத்தைச் சுற்றி நீர் கசிகிறது. தேவை அடைப்பை நீக்குவது, கசிவை நிறுத்துவதல்ல. மருத்துவர் யோசனைப்படி அடைப்பை எடுத்த பிறகு, ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்ததைத் தினசரி ஆக்குகிறார்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். பலன் தெரிய நாலைந்து தடவையாவது ஆகும்.

இரண்டு எச்சரிக்கைகள். இடுப்புப் பகுதியில், தண்டுவடத்தின் நுனியிலோ அதற்குக் கீழுள்ள நரம்புகளிலோ அடிபட்டவர்களுக்கு இந்த அனிச்சைச் செயல் இருக்காது. அவர்களுக்கு சப்போசிட்டரி பெரும்பாலும் பலன் தராது, மலத்தைச் சற்றுக் கெட்டியாக வைத்து விரலால்தான் எடுக்க வேண்டும். ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு நடுவே திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே விரலை எடுத்து, நிமிர்ந்து உட்காரவையுங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.