சூரியன் நிலாவாகும் சுவிட்ச்

பல செயலிகளில் பகல், இரவு நிறங்களை மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அழுத்தினால் சூரியன் உருண்டுபோய் நிலாவாகும். கணினியில் மவுஸ் அம்பு மேலே வந்தாலே லேசாகப் பெருத்துக் காட்டும். வீடியோவைப் போல ஒரே ஓட்டமாக ஓடும் அனிமேஷனால் இதைச் செய்ய முடியாது. அம்பு எப்போது வரும், விரல் எப்போது அழுத்தும் என்று அதற்குத் தெரியாதே!

இதற்காகவே 'ரைவ்' போன்ற மென்பொருள்களில் 'ஸ்டேட் மெஷின்' என்ற அமைப்பு உண்டு. சுவிட்ச் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எது நடந்தால் எந்த நிலைக்குப் போகும் என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்துவிடலாம். வெளியுலகச் செய்தியை உள்ளே கொண்டுவருபவை 'இன்புட்'கள். நம் சுவிட்சுக்கு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் இரண்டு போதும்: `isHover`, `isOn`. அம்பு உள்ளே வந்தால் முதலாவது 'ஆம்', வெளியேறினால் 'இல்லை'. கிளிக் செய்தால் இரண்டாவது தலைகீழாகும்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வரைகிறார்கள். பகல், அம்பு மேலிருக்கும் பகல், இரவு, அம்பு மேலிருக்கும் இரவு என நான்கு கட்டங்கள், அவற்றுக்கிடையே அம்புக்குறிகள். இதில் ஒன்று விட்டுப்போனாலும் சுவிட்ச் ஏதோ ஒரு நிலையில் சிக்கி நின்றுவிடும். அம்பு வந்துபோவது ஒரு சங்கதி, சுவிட்ச் எந்தப் பக்கம் என்பது வேறு சங்கதி. இரண்டையும் தனித்தனி அடுக்கில் வைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டே கட்டங்கள்தான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அளவை முதல் அடுக்கு மாற்றினால், இரண்டாவது அதைத் தொடக்கூடாது. தொட்டால் ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்துவிடும்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரத்தையும் நாமே வைக்கலாம். பூஜ்யம் வைத்தால் படம் வெடுக்கென்று தாவும். 200 மில்லிசெகண்ட் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஓடும் அனிமேஷன் முழுவதும் முடிந்த பிறகே மாறு என்று சொல்லவும் வசதி இருக்கிறது. சுவிட்சில் அதைப் போடாதீர்கள். அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் படம் பின்தங்கிவிடும்.

அதிகம் தப்பிப்போகும் பிழை தொடக்கத்தில்தான் இருக்கிறது. நேற்றே இரவு நிறத்தைத் தேர்ந்துவிட்டவர் இன்று செயலியைத் திறக்கிறார். சுவிட்ச் பகலில் தொடங்கி, யாரும் தொடாமலே நிலாவுக்கு உருளும். `Entry` என்ற தொடக்கக் கட்டத்திலிருந்து இரவுக்கு நேராக இன்னொரு அம்புக்குறி வரைந்து, `isOn` 'ஆம்' என்றால் அவ்வழியே போகச் சொல்ல வேண்டும். முதல் படம் திரையில் வருமுன் செயலியும் அந்த மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும்.

தொடுதிரையில் அம்பே கிடையாது. ஆகையால் அம்பு வந்தால் மட்டும் தெரியும்படி எந்த முக்கியமான தகவலையும் சுவிட்சில் வைக்காதீர்கள்.